எந்த வேலை எங்கள் வீட்டுக்குப் பொருந்தும்?

விடியற்காலை ஐந்து மணிக்கு விசுவமடுச் சந்தியில் நின்றால் எங்கள் ஊர்ப் பெண்களின் வேலை வகைகளை ஒரே பார்வையில் கண்டுகொள்ளலாம். ஆடைத்தொழிற்சாலைப் பஸ்ஸுக்காகக் கையில் சாப்பாட்டுப் பையுடன் நிற்பவர்கள் ஒரு பக்கம். ஏழு மணிக்குப் பிறகு, ஏதோ ஒரு திட்டத்தின் பெயர் பொறித்த பையோடு மோட்டார் சைக்கிளில் போகும் வெளிக்கள உத்தியோகத்தர்கள். எட்டு மணிக்குச் சின்னப்பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி முன்பள்ளிக்குப் போகும் ஆசிரியைகள். எந்த நேரத்திலும் வீதியில் தென்படாமல், வீட்டு விறாந்தையில் தையல் மெசினோடு இருப்பவர்கள் இன்னொரு பக்கம்.

நிரந்தர வேலை, ஒப்பந்த வேலை, பகுதிநேர வேலை, சொந்தக் கையால் செய்யும் வேலை என்று இந்த நான்கையும் சொல்லலாம். நான் இவற்றில் மூன்றைச் செய்து பார்த்தவள். எங்கள் மாதர் சங்கத்தில் கணக்குக் கொப்பி எழுதுபவளும் நான்தான். அதனால் "அக்கா, எந்த வேலையை எடுக்கிறது?" என்று என்னிடம் வந்து கேட்பவர்கள் அதிகம். வருபவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது சம்பளத் தொகையைத்தான். "அங்கை நாற்பத்தைஞ்சு, இங்கை முப்பது" என்பார்கள். ஆனால் தொகையை மட்டும் வைத்து முடிவெடுத்தவர்கள் ஆறு மாதத்தில் திரும்பி வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு தங்கையின் கணக்கை, அவரின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன். அதற்கு முன்னர், எங்கள் ஊரிலேயே நடந்த ஒரு விடயத்தை நினைவுபடுத்த வேண்டும்.

ஒரே வேலை, இரண்டு சம்பளம்

போர் முடிந்த பின்னர் வன்னியில் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் பண்ணைகளை நடத்தியது. முன்பள்ளி ஆசிரியைகளையும் தன் ஊழியர்களாகச் சேர்த்துக்கொண்டது. விசுவமடு அதன் முக்கியமான இடங்களில் ஒன்று. 2017 அளவில், அத்திணைக்களத்தின் கீழ் இருந்த ஒரு முன்பள்ளி ஆசிரியைக்கு மாதம் முப்பதாயிரம் ரூபாவையொட்டிய சம்பளம் கிடைத்தது. அதே காலத்தில், பக்கத்துக் கிராமத்தில் அதே பாட்டையும் கதையையும் சொல்லிக்கொடுத்த மற்ற ஆசிரியைக்குக் கிடைத்ததோ சில ஆயிரம் ரூபா கொடுப்பனவுதான். இருவரும் காலையில் ஏறத்தாழ ஒரே நேரம் வேலை செய்தார்கள். பிள்ளைகளும் ஒரே வயதுப் பிள்ளைகள்.

2018 ஜூனில் அத்திணைக்களத்தின் இங்குள்ள அதிகாரி ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனபோது விசுவமடுவில் நடந்த பிரியாவிடையில் பலர் கண்ணீர் விட்ட படங்கள் நாடெங்கும் பரவின. அதைப் பற்றிப் பலரும் பலவிதமாக எழுதினார்கள். அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு பகுதி, மாதக் கடைசியில் தவறாமல் வரும் சம்பளம் ஒரு வீட்டில் என்ன செய்யும் என்பது. முன்பள்ளிகள் எல்லாம் மாகாணக் கல்வித் துறையின் கீழ் வரவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோதும், அந்த ஆசிரியைகளின் முதல் கேள்வி "சம்பளம் என்ன ஆகும்?" என்பதாகத்தான் இருந்தது.

இதிலிருந்து நான் கற்றது இதுதான். ஒரு வேலை நிரந்தரமா, பகுதிநேரமா என்பதை நாங்கள் செய்யும் வேலை தீர்மானிப்பதில்லை. யார் எங்களை வேலைக்கு வைத்திருக்கிறார், எந்தக் கடிதத்தில் வைத்திருக்கிறார் என்பதே தீர்மானிக்கிறது. ஆகவே வேலை கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கடிதத்தை. இன்னொன்றும் உண்டு. சம்பளத்தைக் காட்டிப் பெரிய வங்கிக் கடன் எடுத்தவர், அந்தக் கடன் முடியும் வரை வேலையை விட்டு விலக முடியாதவர் ஆகிறார். நிரந்தர வேலை தரும் வசதி இது. அது போடும் கட்டும் இதுதான்.

தங்கையின் வீடு

அந்தத் தங்கைக்கு வயது முப்பத்துநான்கு. கணவர் இல்லை. மூத்த மகனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு நாலு வயது. தாயார் கூட இருக்கிறார், ஆனால் முழங்கால் வருத்தத்தால் ஓடியாடிப் பிள்ளை பார்க்க முடியாது. தமையனின் வயலில் இருந்து அரிசி வருகிறது. வளவில் முருங்கையும் கோழிகளும் உண்டு.

நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை, ஒரு மாதத்துக்குக் கட்டாயம் வெளியிலை போகிற காசு எவ்வளவு?" என்பது. உப்பு, மா, மீன், மின்சாரக் கட்டணம், தாயின் மருந்து, பிள்ளைகளின் வகுப்புக் காசு எல்லாம் சேர்த்து 22,000 ரூபா. அதற்கு மேலே கிழமைக்கடன் இருந்தது. கிழமைக்கு 2,300 ரூபா, இன்னும் ஏழு மாதம். மாதக் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 10,000 ரூபா. ஆக, கடன் முடியும் வரை அவருக்கு மாதம் 32,000 ரூபா வேண்டும். கடன் முடிந்த பிறகு 22,000 போதும்.

இந்த இரண்டு எண்களையும் கொப்பியின் மேலே எழுதிக்கொண்டோம். இவை தெரியாமல் எந்த வேலையையும் நிறுத்துப் பார்க்க முடியாது. நிறுவையில் ஒரு தட்டில் படி இல்லாமல் மறு தட்டில் சாமான் வைப்பது போலத்தான்.

அவருக்கு முன்னால் நான்கு வழிகள் இருந்தன. ஒன்று, ஆடைத்தொழிற்சாலையில் நிரந்தர வேலை. இரண்டு, ஒரு வாழ்வாதாரத் திட்டத்தில் ஒரு வருட ஒப்பந்தத்தில் வெளிக்கள வேலை. மூன்று, அவர் ஏற்கெனவே செய்துவந்த தையலை முழுநேரமாகச் செய்வது. நான்கு, காலையில் முன்பள்ளியில் உதவியாளராகவும் பின்னேரத்தில் தையலுமாக இருப்பது.

கையில் மிஞ்சுவது எவ்வளவு?

தொழிற்சாலையில் அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாவும், நாள் தவறாமல் வந்தால் 5,000 ரூபாவும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. ஆகவே அதற்குக் குறைவாக அடிப்படைச் சம்பளம் சொல்பவரிடம் காரணம் கேட்கலாம்.

அந்த 30,000இல் நூற்றுக்கு எட்டு வீதம், அதாவது 2,400 ரூபா, ஊழியர் சேமலாப நிதிக்கு வெட்டப்படும். மிச்சம் 32,600. பஸ் தொழிற்சாலையின் செலவு. ஆனால் விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டுப் பொழுதுபட்டுத் திரும்பும் தாய்க்கு, நாலு வயதுப் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா மாதம் 8,000 ரூபாவுக்குச் சம்மதித்தார். கையில் மிஞ்சுவது 24,600.

ஆனால் இங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு வருமானமும் உண்டு. வேலைக்கு வைத்திருப்பவர் தன் பங்காகப் பன்னிரண்டு வீதத்தைச் சேமலாப நிதிக்கும், மூன்று வீதத்தை ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் கட்ட வேண்டும். அவை 3,600உம் 900உம். இவற்றோடு தங்கையின் 2,400ஐயும் சேர்த்தால் மாதம் 6,900 ரூபா அவர் பெயரில் சேரும். பெண்கள் ஐம்பது வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம். இது நல்ல காசு. ஆனால் இந்த வெள்ளிக்கிழமை வரும் கடன்காரரிடம் அதைக் காட்ட முடியாது.

ஒப்பந்த வேலைக்கு மாதம் 45,000 ரூபா என்றார்கள். கேட்கப் பெரிய தொகை. கடிதத்தை வாசித்தால், அதைச் சம்பளம் என்று எழுதாமல் "கொடுப்பனவு" என்று எழுதியிருந்தார்கள். சேமலாப நிதி பற்றி ஒரு சொல்லும் இல்லை. மோட்டார் சைக்கிள் தங்கையினுடையது, பெற்றோலும் அவரே போட வேண்டும். விசுவமடுவில் இருந்து உள்ளூர்க் குடியேற்றக் கிராமங்களுக்கு ஓடினால் மாதம் 9,000 ரூபா போகும். அரைநாள் பிள்ளை பார்க்க 4,000. மிஞ்சுவது 32,000. கடனோடு சேர்ந்த மாதச் செலவுக்கு மட்டுமட்டாகக் காணும்.

ஆனால் இந்த வேலை பன்னிரண்டு மாதத்தில் முடியும். அடுத்தது கிடைக்க மூன்று மாதம் ஆகலாம் என்று வைத்துக்கொண்டோம். பன்னிரண்டு மாதக் காசைப் பதினைந்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 25,600 ரூபா. தொழிற்சாலையின் 24,600க்கும் இதற்கும் ஆயிரம் ரூபாதான் வித்தியாசம். தங்கை கொப்பியைப் பார்த்து, "நாப்பத்தைஞ்சு எண்டு ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன் அக்கா" என்று சிரித்தார்.

தையலுக்கு மாதக் கணக்கு எழுத முடியாது. வருடக் கணக்குத்தான் எழுத வேண்டும். பள்ளி புதுவகுப்புத் தொடங்கும் காலம், பொங்கல், தீபாவளி, கலியாண மாதங்கள் என்று நல்ல மாதம் நாலு. அப்போது 38,000 வரை வரும். நடுத்தரமான ஐந்து மாதங்களில் 22,000. மழை பிடித்து ஒழுங்கைகள் வெள்ளமாகிற காலமும், ஆடி மாதமுமாக மந்தமான மாதம் மூன்று. அப்போது 8,000 வந்தால் பெரிது. எல்லாம் கூட்டினால் வருடம் 286,000. நூல், பொத்தான், ஊசி, மின்சாரம், மெசின் திருத்தம் என்று 46,000ஐக் கழித்தால் 240,000. மாதச் சராசரி 20,000 ரூபா. பிள்ளை பார்க்கும் செலவு இல்லை, தாயும் கண்முன்னே இருப்பார்.

முன்பள்ளிக் கொடுப்பனவு மாதம் 10,000. பின்னேரத் தையலில் சராசரி 11,000. இரண்டும் சேர்ந்து 21,000. சின்னவளும் அதே முன்பள்ளிக்கே வருவாள்.

காசு வரும் நாளும் போகும் நாளும்

சராசரியைப் பார்த்து மனம் சமாதானம் ஆகிவிடக் கூடாது. சராசரி மாதம் என்று ஒன்று எந்த வீட்டிலும் வருவதில்லை. தையலின் சராசரி 20,000 என்றாலும், கார்த்திகை மழையில் 8,000 வந்த மாதத்திலும் கிழமைக்கடன்காரர் நாலு முறை வருவார். சில மாதத்தில் அந்தக் கிழமை ஐந்து முறை வரும். அப்போது 11,500 ரூபா வேண்டும்.

எங்கள் பகுதியில் நுண்கடனில் மூழ்கிய வீடுகளை நான் பார்த்தவள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடன்களின் ஒரு பகுதியை அரசாங்கம் தள்ளுபடி செய்யும் அளவுக்கு அது நாட்டுப் பிரச்சினையானது. அந்த வீடுகளில் பலவற்றில் வருமானமே இல்லை என்பதல்ல கதை. வருமானம் பருவத்துக்கு வந்தது, தவணை கிழமைக்கு வந்தது. இடையில் உள்ள பள்ளத்தை நிரப்ப இரண்டாவது கடன் எடுத்தார்கள். அதன் பிறகு மூன்றாவது.

ஆகவே என் அனுபவத்தில் ஒரு விதி உண்டு. கிழமைத் தவணை ஓடிக்கொண்டிருக்கும் வீடு, மாதச் சம்பளம் உள்ள வேலையை எடுப்பது நல்லது, அது ஒப்பந்த வேலையாக இருந்தாலும் சரி. தவணை இல்லாத வீடு, மூன்று மாதக் கட்டாயச் செலவைக் கையில் வைத்திருந்தால், தையல் போன்ற சொந்த வேலையைத் துணிந்து முழுநேரமாக்கலாம். தங்கையின் வீடு முதல் வகை. முழுநேரத் தையலும் முன்பள்ளியும் அந்த ஏழு மாதத்துக்குச் சரிவராது என்று இருவருக்கும் தெரிந்தது.

தொழிற்சாலை வேலையும் அந்த ஏழு மாதத்துக்கு மாதம் 7,400 ரூபா குறைவாக இருந்தது. அது நல்ல வேலை இல்லை என்று நான் சொல்லவில்லை. கடன் இல்லாத, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வயதில் உள்ள வீட்டுக்கு நாலு வழியிலும் அதுவே மேல் என்று கணக்கு காட்டும். காரணம், அங்கே பிள்ளை பார்க்கும் 8,000 ரூபா செலவே இருக்காது. அதே வேலை, அதே சம்பளம், வீடு மாறினால் விடை மாறுகிறது.

கடிதத்தில் கேட்க வேண்டியவை

ஒப்பந்த வேலையை எடுக்கலாம், ஆனால் அந்தக் கடிதத்தில் உள்ளபடி எடுக்கக் கூடாது என்று சொன்னேன். இங்கே என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

2014 முதல் 2016 வரை நான் ஒரு தையல் நிலையத்தில் சம்பளத்துக்கு இருந்தேன். மாதாமாதம் சேமலாப நிதிக்கென்று எட்டு வீதம் வெட்டினார்கள். விலகும்போதுதான், எனக்கு அங்கத்துவ இலக்கமே எடுக்கப்படவில்லை என்று தெரிந்தது. தொழில் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் கேட்டது ஒன்றுதான்: "சம்பளத் துண்டு இருக்கோ?" பதினான்கு மாதத் துண்டுகள் பிஸ்கட் ரின்னுக்குள் இருந்தன. மிச்சம் அடுப்புக்குப் போய்விட்டது. துண்டு இருந்த மாதங்களுக்குக் காசு கட்டுவித்தார்கள். மற்ற மாதங்களுக்கு என் வாய்ச்சொல்தான் இருந்தது. அது போதவில்லை.

சட்டப்படி, சேமலாப நிதி நிரந்தர ஊழியருக்கு மட்டும் உரியதல்ல. தற்காலிகமாக, நாட்கூலியாக, உருப்படிக் கணக்கில், ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கும் வேலை தொடங்கிய முதல் நாளில் இருந்தே கட்ட வேண்டும். பிந்திக் கட்டினால் வேலைக்கு வைத்திருப்பவரிடம் மேலதிகக் கட்டணம் அறவிடப்படும். பிந்தும் காலத்தைப் பொறுத்து அது ஐம்பது வீதம் வரை ஏறும். இதனால்தான் சிலர் கடிதத்தில் "ஊழியர்" என்று எழுதாமல் "சுயாதீனமாகச் சேவை வழங்குபவர்" என்று எழுதுகிறார்கள்.

நீங்கள் உண்மையிலேயே சுயாதீனமானவரா என்று அறிய நாலு கேள்விகள் போதும். எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று யார் சொல்கிறார்? எப்படிச் செய்ய வேண்டும் என்று யார் மேற்பார்வை செய்கிறார்? உங்களுக்கு வருத்தம் என்றால் உங்களுக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்ப முடியுமா? அதே நேரத்தில் வேறு இடத்திலும் வேலை எடுக்க முடியுமா? நேரத்தையும் முறையையும் அவர்களே தீர்மானித்து, ஆள் மாற்றவும் வேறு வேலை எடுக்கவும் விடாவிட்டால், கடிதத்தில் என்ன பெயர் இருந்தாலும் நீங்கள் ஊழியர்தான் என்று வாதிட இடமுண்டு. விறாந்தையில் இருந்து ஊராரின் சட்டையைத் தைப்பவர் சுயாதீனமானவர். காலை எட்டரைக்குக் கையொப்பம் வைத்து, வேலை முடிந்து அறிக்கை கொடுக்கும் வெளிக்கள உத்தியோகத்தர் அப்படியல்ல.

தங்கை அந்த அலுவலகத்துக்குத் திரும்பப் போய் மூன்று விடயங்களைக் கேட்டார். சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் முதல் மாதத்தில் இருந்து கட்ட வேண்டும். ஓடும் கிலோமீற்றருக்கு ஏற்ப பெற்றோல் காசு தர வேண்டும். ஒப்பந்தத்தை இடையில் நிறுத்துவதாக இருந்தால் ஒரு மாதம் முன்னர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். சண்டை பிடிக்கவில்லை. "இதைக் கடிதத்திலை போட்டுத் தந்தால் நான் கையெழுத்து வைக்கிறன், ஐயா" என்று மட்டும் சொன்னாராம். ஒரு கிழமைக்குப் பிறகு புதிய கடிதம் வந்தது. நிதிகள் இருந்தன. ஒரு மாத அறிவித்தல் இருந்தது. பெற்றோலுக்கு மாதம் 6,000 ரூபா உச்சவரம்பு போட்டிருந்தார்கள்.

புதிய கணக்கு இப்படி வந்தது. 45,000இல் எட்டு வீதம் 3,600 போக 41,400. பெற்றோலில் தன் கையால் போடுவது 3,000, பிள்ளைக்கு 4,000. மிச்சம் 34,400. முதல் ஏழு மாதமும் செலவும் கடனும் 32,000 போக, மாதம் 2,400 மிஞ்சும். ஏழு மாதத்தில் 16,800. கடன் முடிந்த பின் ஐந்து மாதமும் மாதம் 12,400 மிஞ்சும். அது 62,000. இரண்டும் சேர்ந்து 78,800 ரூபா. வேலை முடிந்து மூன்று மாதம் சும்மா இருந்தாலும் 66,000தான் வேண்டும். ஒப்பந்த வேலையில் இறங்கும் ஒருவருக்கு இந்தக் கணக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். கடன் முடிந்த மாதம் கையில் 12,400 மிஞ்சுவதைப் பார்த்துப் புதுத் தொலைக்காட்சிக்குத் தவணை போட்டால், பதின்மூன்றாம் மாதத்தில் மறுபடியும் கிழமைக்கடனில்தான் நிற்க வேண்டிவரும்.

ஐந்தாவது வருடமும் ஒரு கிழமை இடைவெளியும்

நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடம் பூர்த்தியாக்கிய மாதச் சம்பளக்காரர் விலகும்போது, ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்க வேண்டும். இது 1983ஆம் ஆண்டின் சட்டம். 30,000 ரூபா சம்பளத்தில் ஐந்து வருடத்துக்கு 75,000 ரூபா. எங்கள் ஊரில் ஒரு பிள்ளை நாலு வருடமும் பத்து மாதமும் வேலை செய்து, மேற்பார்வையாளரோடு கோபித்துக்கொண்டு விலகினார். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் வந்திருக்கும் காசு அது.

ஒப்பந்த வேலையில் வருடாவருடம் புதுப்பிக்கும்போது, இடையில் ஒரு கிழமை நிறுத்திவிட்டுப் புதிய கடிதம் தரும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பின்னர் "சேவை தொடர்ச்சியானதல்ல" என்று சொல்ல அது உதவும். அந்த ஒரு கிழமையிலும் உங்களை வேலைக்குக் கூப்பிட்டார்களா, அறிக்கை கேட்டார்களா என்பதைத் திகதியோடு கொப்பியில் எழுதி வையுங்கள். பழைய கடிதங்களை எறியாதீர்கள்.

தையல், கோழி வளர்ப்பு, சிற்றுண்டி என்று சொந்தமாகச் செய்பவர்களுக்குச் சேமலாப நிதி கட்ட யாரும் இல்லை. அவர்களுக்கென்றே சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான இச்சபையில், சுயதொழில் செய்பவர் தவணை கட்டி, அறுபது வயதில் இருந்து ஓய்வூதியம் பெறலாம். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வயது குறைவாக இருக்கும்போது சேர்ந்தால் தவணையும் குறைவு. நல்ல மாதத்தில் வரும் 38,000இல் இதற்கென்று முதலில் ஒதுக்கினால்தான் உண்டு. கடைசியில் மிஞ்சினால் போடலாம் என்று இருந்தால் ஒருநாளும் மிஞ்சாது.

இப்போது தங்கை

தங்கையின் ஒப்பந்தத்தில் எட்டு மாதம் போய்விட்டது. கிழமைக்கடன் முடிந்தது. அங்கத்துவ இலக்கம் வந்துவிட்டது, சம்பளத் துண்டுகளை ஒரு பைலில் போட்டு வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இரண்டு மூன்று சட்டை தைக்கிறார். காசுக்காக அல்ல, வாடிக்கையாளர் கை மாறிப் போகாமல் இருக்க. திட்டம் நீடிக்கப்படுமா என்று யாருக்கும் தெரியாது. நீடிக்காவிட்டால் மூன்று மாதம் தையலோடு இருந்து, சின்னவள் முதலாம் வகுப்புக்குப் போனதும் தொழிற்சாலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கிறார்.

அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சில தொழிற்சாலைகள் புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு வயதெல்லை வைக்கின்றன. தங்கைக்கு இப்போது முப்பத்தைந்து. ஒப்பந்த வேலை கடனை முடித்துத் தந்தது, ஆனால் நிரந்தர வேலையின் கதவு அதற்குள் சாத்தப்பட்டிருக்கவும் கூடும். இதை முன்னரே அவருக்குச் சொல்லியிருந்தேன். தெரிந்துகொண்டுதான் எடுத்தார்.

"பிழைச்சுப் போச்சுதோ அக்கா?" என்று போன கிழமை கேட்டார். கொப்பியைத் திறந்து கடனுக்கான பக்கத்தைக் காட்டினேன். கடைசித் தவணைக்குக் கீழே அவரே சிவப்புப் பேனையால் கோடு இழுத்திருந்தார். அடுத்த பக்கத்தில் புதிய தலைப்புப் போட்டு, தொழிற்சாலைக்கு எத்தனை வயது வரை எடுப்பார்கள் என்று விசாரிக்க வேண்டிய இடங்களை எழுதத் தொடங்கினோம்.